குணகங்கள் இடைவெளிகளுக்குள் எங்கு இருந்தாலும் ஒரு பல்லுறுப்புக்கோவை நிலையாக இருக்குமா என்று அறிய நான்கு கோவைகள் போதும். ஆனால் எந்த நான்கு?

s³ + a₂s² + a₁s + a₀ என்ற பல்லுறுப்புக்கோவையில் a₂ 2 முதல் 4 வரை, a₁ 3 முதல் 5 வரை, a₀ 4 முதல் 8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் நேர்மறை என்பதால், a₂a₁ > a₀ என்றால் மூலங்கள் எல்லாம் இடது அரைத்தளத்தில் இருக்கும், அதாவது கோவை நிலையானது.

பலரும் மூன்று குணகங்களுக்கும் சிறும மதிப்பைப் போட்டுப் பார்ப்பார்கள்: 6 > 4. பெரும மதிப்பு: 20 > 8. நடுமதிப்பு: 12 > 6. மூன்றும் தேறிவிடுவதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் சிறுமம், பெருமம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் போடுவார்கள். அதுவும் தேறிவிடும்: 12 > 8, 10 > 4.

விளாதிமிர் கரிட்டோனோவ் 1978இல் நிறுவிய தேற்றம் கேட்கும் வரிசை வேறு. மாறிலி உறுப்பிலிருந்து தொடங்கி, இரண்டிரண்டாக மாற்ற வேண்டும் (− சிறுமம், + பெருமம்):

```
a0 a1 a2 a3
-  -  +  +
+  +  -  -
+  -  -  +
-  +  +  -
```

இங்கே a₃ எப்போதும் 1. மூன்றாவது வரி s³ + 2s² + 3s + 8 என்ற கோவையைத் தருகிறது. 6 < 8. ராத் அட்டவணையின் முதல் நிரல் 1, 2, −1, 8. குறி இருமுறை மாறுவதால் இரண்டு மூலங்கள் வலப்பக்கம் போய்விட்டன. மற்ற மூன்று வரிகளும் தேறுகின்றன, அதனால் இந்த ஒன்றை விட்டவர் ஏமாந்துபோவார்.

ஏன் இரண்டிரண்டாக? s = jω என்று இட்டால் மெய்ப்பகுதி a₀ − a₂ω², கற்பனைப்பகுதி ω(a₁ − ω²). ஒன்றில் இருக்கும் குணகம் மற்றதில் இல்லை. ஆகவே ஒவ்வொரு ω-க்கும் கோவையின் மதிப்புகள் அச்சுகளுக்கு இணையான ஒரு செவ்வகத்தை நிரப்பும். அதன் நான்கு மூலைகள்தான் அந்த நான்கு கோவைகள். நான்கும் நிலையாக இருந்தால் செவ்வகம் ஆதிப்புள்ளியைத் தொடாது. அலகு வட்டத்தில் இந்தச் செவ்வகம் அமையாது. ஆகவே டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கோவைக்கு இதை அப்படியே போடக் கூடாது. முதன்மைக் குணகத்தின் இடைவெளியில் 0 இருந்தாலும் படி குறைந்துவிடும், தேற்றம் பொருந்தாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, நடைமுறையில் இதுதான் அதிகம் என்பேன். மேலே உள்ள இடைவெளிகள் ஒரே அளவுரு q-விலிருந்து வந்தவை என்று கொள்ளுங்கள்: 1 ≤ q ≤ 3, a₂ = q+1, a₁ = q+2, a₀ = 2q+2. இப்போது (q+1)(q+2) > 2(q+1), அதாவது q > 0 என்றால் போதும். எல்லாக் கோவைகளும் நிலையானவை! a₂ = 2, a₀ = 8 இரண்டும் ஒரே நேரத்தில் வரவே முடியாது; தேற்றம் காட்டிய கெட்ட கோவை இந்தக் குடும்பத்திலேயே இல்லை. செவ்வகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கோட்டுத்துண்டு மட்டுமே.

குணகங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது நான்கும் தேறினால் அந்த முடிவை நம்பலாம். தோற்றால் ‘நிலையற்றது’ என்று எழுதிவிடாமல், q-வை வைத்தே நேரடியாகச் சோதியுங்கள்.