அம்மா லாக்கரில் இருக்கும் உங்கள் நகைக்குப் பில் எங்கே?

கும்பகோணமோ மாயவரமோ மன்னார்குடியோ, சொந்தக்காரர் வீட்டில் பேச்சு நகைப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “பொம்பளைக்கு அறுபது பவுன், ஆம்பளைக்குப் பன்னிரண்டு. அதுக்கு மேலே வெச்சிருந்தா கவர்மென்ட் எடுத்துக்கும்.” இதைக் கேட்டுப் பதறி, அம்மாவின் லாக்கரில் கிடக்கும் தன் கல்யாண நகையை அவசரமாக விற்றுவிடலாமா, சித்தி வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் பிரித்து வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் உண்டு. இரண்டுமே வேண்டாத வேலை. அதிலும் பிரித்து வைப்பது கெடுதல். உங்கள் நகைக்குச் சித்தி பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால், அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

இந்தியாவில் ஒருவர் எவ்வளவு தங்க நகை வைத்திருக்கலாம் என்பதற்கு இன்று சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. ஒரு காலத்தில் கெடுபிடி இருந்தது. 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சாதாரண மக்கள் கட்டித் தங்கம் வைத்திருக்கவே முடியாது. நகையும் ஓர் அளவைத் தாண்டினால் அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும். 1990-ல் அந்தச் சட்டம் ரத்தாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்துப் பயம் வீடுகளில் தங்கிவிட்டது.

அப்படியானால் அந்த அறுபது பவுன் கணக்கு எங்கிருந்து வந்தது? மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே 11-ல் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய ஓர் அறிவுறுத்தலிலிருந்து. வருமான வரிச் சோதனை நடக்கும்போது, குடும்பத்தில் திருமணமான பெண் ஒருவருக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையுள்ள தங்க நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்கிறது அது. பவுனுக்கு 8 கிராம் என்று பார்த்தால் 62½, 31¼, 12½ பவுன். குடும்பத்தின் நிலையையும் ஊர் வழக்கத்தையும் பார்த்து இதைவிட அதிகமாகவும் அதிகாரி விட்டுவைக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. 2016 டிசம்பரில் வாரியம் இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது: கணக்குக் காட்டிய வருமானத்தில் வாங்கியதோ, பரம்பரையாக வந்ததோ, காரணம் காட்ட முடிந்தால் எத்தனை பவுனும் வைத்திருக்கலாம், மேலே சொன்ன அளவுக்குள் இருப்பதை, வருமானத்துக்குப் பொருந்தாததுபோலத் தெரிந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, இந்தச் சலுகை நகைக்குத்தான். காசு, பிஸ்கட், கட்டி எதுவும் இதில் சேராது. அட்சய திருதியைக்கு ஆண்டுதோறும் ஒரு பவுன் காசு வாங்கிச் சேர்த்திருந்தால், அது முதல் காசிலிருந்தே பில்லைக் காட்டிக் காப்பாற்ற வேண்டிய பொருள். இன்னொன்று, பறிமுதல் செய்யவில்லை என்பதால் கேள்வியே வராது என்று அர்த்தமில்லை. இந்த அளவுக்குள் இருப்பதைக் கணக்குக் காட்டியதாகவே ஏற்க வேண்டும் என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சரி, ஆனால் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வழக்கு நடத்துவதைவிட ஒரு பில்லை எடுத்துக் காட்டுவது சுலபம்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் லாக்கரில்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மயிலாடுதுறையில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். மகள் டொராண்டோவில் கணவர் வீட்டோடு. லாக்கர் அம்மா பெயரில். அதில் அம்மாவின் நகை 45 பவுன், மகளின் கல்யாண நகை 50 பவுன், அப்புறம் பத்துக் காசு, ஒவ்வொன்றும் ஒரு பவுன். நகை மொத்தம் 95 பவுன், அதாவது 760 கிராம். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கான அளவு அம்மாவுக்கு 500, அப்பாவுக்கு 100, ஆக 600 கிராம். மீதி 160 கிராம் நகைக்கும், 80 கிராம் காசு முழுவதற்கும் அம்மா பதில் சொல்ல வேண்டும்.

“மகளும் கல்யாணமானவள்தானே, அவளுக்கும் 500 கிராம் சேர்த்துக்கொள்ளலாமே?” என்று கேட்கலாம். கேட்கலாம், வாதாடலாம். ஆனால் அவர் இப்போது வேறொரு குடும்பம். இந்த வீட்டில் குடியிருப்பவரும் இல்லை. அதிகாரி ஒப்புக்கொள்வார் என்று நம்பி இருக்கக் கூடாது. மகளின் நகை மகளுடையதுதான் என்று காட்டும் காகிதம் லாக்கர் சாவியோடு அம்மா கையில் இருக்க வேண்டும். நகை வாரியாக எடை போட்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பில் நகல், ‘இவை என்னுடையவை, பாதுகாப்புக்காக அம்மாவின் லாக்கரில் வைத்திருக்கிறேன்’ என்று மகள் தேதி போட்டுக் கையெழுத்திட்ட கடிதம், அந்த நகைகளைப் போட்டிருக்கும் கல்யாணப் படங்கள் நாலைந்து. ஊருக்கு வரும்போது ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலை இது. சோதனை நடக்கும் நாளில் டொராண்டோவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் கடிதத்துக்கு இந்த மதிப்புக் கிடைக்காது.

இனி பில். நம் ஊர்க் கடைகளில் இரண்டு விதமான தாள் கிடைக்கும். எடை, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி எல்லாம் எழுதி மேலே ‘எஸ்டிமேட்’ என்று போட்ட ஒரு துண்டுத் தாள். பார்க்கப் பில் மாதிரியே இருக்கும், ஆனால் பில் இல்லை. பில் எண், தேதி, கடையின் ஜிஎஸ்டி எண், உங்கள் பெயர், நகையின் நிகர எடை, தரம், ஜிஎஸ்டி தொகை இத்தனையும் இருந்தால்தான் அது பில். “ஜிஎஸ்டி இல்லாம போட்டுத் தரட்டுமாங்க, மூணு பர்சென்ட் மிச்சம்” என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பவுனில் அந்த மூன்று சதவீதத்தை மிச்சப்படுத்தினால், பத்துப் பவுனுக்கும் கணக்கு இல்லாமல் போகிறது. கல் வைத்த நகை என்றால் கல் எடையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யுஐடி குறியீடு இருக்க வேண்டும். கடையில் நிற்கும்போதே அதை BIS Care செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் பட்டியலிலும் எழுதிக்கொள்ளுங்கள். நகையும் பில்லும் ஒன்றுதான் என்று காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பில்லில் யார் பெயர் என்பதும் முக்கியம். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். கூட வந்த அப்பா, “என் நம்பரையே போட்டுக்கோங்க தம்பி” என்று சொல்லிவிடுவார். அத்தோடு காகிதப்படி அந்த நகை அப்பாவுடையது. அப்பாவின் ஓய்வூதியத்தில் அவ்வளவு வாங்க முடியுமா என்ற கேள்வி பின்னால் அவருக்குத்தான் வரும். உங்கள் பணம் என்றால் உங்கள் பெயர், உங்கள் பான், உங்கள் என்ஆர்ஐ வங்கிக் கணக்கிலிருந்து பணம். அந்த மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் பில்லோடு சேர்த்து வையுங்கள். பில் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது வங்கிக் கணக்குதான்.

பழைய நகையைப் போட்டுப் புதியது எடுக்கும்போதுதான் கணக்கு அறுந்துபோகிறது. பாட்டியின் எட்டுப் பவுன் காசுமாலையைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பவுனில் ஆரம் எடுத்தால், புதிய பில்லிலேயே பழைய நகையின் எடையும் மதிப்பும் கழிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கடை அதற்குத் தனியாகக் கொள்முதல் ரசீது தர வேண்டும். மாலையை உருக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்துப் பவுனும் புதிதாக வாங்கியதாகத்தான் தெரியும்.

பில் இல்லாத பழைய நகைக்கு என்ன செய்வது? அம்மாவிடம் கேட்டால், “அதெல்லாம் யாருடி வெச்சிருக்கா, நகை இருக்குல்ல” என்பார். ஆனால் டெல்டா வீடுகளில் நல்ல சாட்சி ஒன்று டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும்: நகைக்கடன் ரசீது. குறுவைக்கும் சம்பாவுக்கும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்து மீட்ட நகைகள் அந்தச் சீட்டில் ஒவ்வொன்றாக இருக்கும்: இரட்டைவடச் சங்கிலி ஒன்று, வளையல் நாலு, மொத்த எடை இவ்வளவு, நிகர எடை இவ்வளவு, தேதி. அந்தத் தேதியில் அந்த நகை அந்தக் குடும்பத்திடம் இருந்தது என்பதற்கு ஒரு வங்கியே எழுதிக்கொடுத்த காகிதம் அது. கடன் அடைந்ததும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பாட்டி காலமான பின் அக்கா தங்கைகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட நகை என்றால், யாருக்கு எது, எவ்வளவு எடை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பரம்பரையாக வந்த நகைக்கு அதைப் பெறுபவர் வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் பரம்பரையாக வந்தது என்று காட்ட வேண்டும். பெரிய அளவு என்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எடை போட்டுச் சான்றிதழ் வாங்குவது நல்லது.

கடைகளில் தரும் பில் பல நேரம் வெப்ப அச்சுத் தாள். சில வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் மங்கும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து வையுங்கள், ஒரு ஜெராக்ஸ் எடுத்து லாக்கர் கோப்பில் சேருங்கள்.

தேர்தல் நேரத்தில் வருகிறீர்கள் என்றால், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரும் சாலையில்கூடப் பறக்கும் படை காரை நிறுத்திப் பார்க்கும். கல்யாணத்துக்கு நகை எடுத்துப் போகிறவர்கள் பில் நகலையும் பத்திரிகையையும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விமான நிலையம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் இந்திய வம்சாவளியினரில் பெண்கள் 40 கிராம், மற்றவர்கள் 20 கிராம் வரை நகையைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். காசும் கட்டியும் இதிலும் சேராது. அதிகம் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டு, கட்டிய வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அந்த நகை அம்மாவின் லாக்கரில் இருந்தால் அந்த ரசீதும் ஓர் ஆதாரம். லாக்கர் நகையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதாக இருந்தால், பெட்டியை விமானத்தில் போடும் முன் சுங்க அதிகாரியிடம் நகையையும் பில்லையும் படத்தையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை தங்கை கல்யாணத்துக்கு அதே ஆரத்தைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கும்போது, இங்கிருந்து போன நகைதான் என்று காட்ட அந்தச் சான்றிதழ் வேண்டும். நகையை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் அதைத் தருவார்கள், அதனால் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.