இலை பறிப்பை முதன்முதலாக இன்னொருவரிடம் ஒப்படைப்பது எப்படி?

கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களில் பலர் பறிப்பு நாளன்று வேறு எங்கும் போக மாட்டார்கள். ஆள் கூப்பிடுவது முதல் சாயங்காலம் வண்டியில் இலை ஏற்றுவது வரை எல்லாமே அவர்கள் தலையில்தான். அதில் ஒரு பகுதியை வேறு கையில் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எதைக் கொடுப்பது?

நமக்குப் பிடிக்காத வேலையைத் தள்ளிவிடத்தான் மனம் வரும். அப்படிப் பார்க்காமல், அந்த வேலையில் தப்பு நடந்தால் அது எத்தனை நாள் நிற்கும் என்று பாருங்கள். பறிப்பில் முற்றல் இலை கலந்தால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும், அடுத்த சுற்றில் சரிசெய்யலாம். கவாத்து அப்படி இல்லை. தப்பாக வெட்டிய செடி அடுத்த கவாத்து வரை, அதாவது நாலைந்து வருடம், அதே கோலத்தில் நிற்கும். மருந்தடிப்பிலும் எந்த மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்ற முடிவு உங்களிடமே இருக்கட்டும். கூலி, அட்வான்ஸ் கணக்கையும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். ஆக, முதலில் கொடுக்க ஏற்றது பறிப்பு நாளின் மேற்பார்வைதான்.

யாரிடம், என்ன சொல்லி?

வெளியிலிருந்து மேஸ்திரி தேட வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் பல வருடமாகப் பறிக்கும் ஒரு அக்கா இருப்பார், அவரையே கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன் கூலியை யோசித்துவிடுங்கள். கிலோ கணக்கில் கூலி என்றால், மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் அவருக்குத்தான் நஷ்டம். மேற்பார்வை நாளில் அவருக்கு நாள் கூலி பேசிவிடுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, "அக்கா சரியாகக் கவனிக்கவில்லை" என்று குறைப்படுகிறார்கள்.

ஒரு கணக்குக்கு, இரண்டு ஏக்கரை அரை அரை ஏக்கராக நாலு துண்டாக வைத்து, 12 நாளுக்கு ஒரு சுற்று, ஒரு துண்டுக்கு மூன்று பேர், ஒரு நாள் என்று கொள்வோம். அக்காவிடம் இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, நாளைக்கு மேல் துண்டு. ரெண்டு இலை ஒரு மொட்டு, இளசா இருந்தா மூணாவது இலையும் சரி. மூட்டையை அமுக்கிக் கட்ட வேண்டாம், நிழல்லயே வைங்க. மழை பலத்தா நிறுத்திடுங்க. காட்டெருமை நின்னா அது போற வரைக்கும் யாரும் இறங்க வேண்டாம். இதுக்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டியதில்ல. ரெண்டு ஆள் வரலைன்னாலோ, நாலு மணிக்கும் வண்டி வரலைன்னாலோ மட்டும் போன் பண்ணுங்க."

எதை அவரே முடிவு செய்யலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும் என்ற இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் ஒன்று நாள் முழுக்க போன் அடிக்கும், இல்லையென்றால் வண்டி வராமல் இலை மூட்டையிலேயே சூடேறிச் சிவந்த பிறகு சேதி வரும். சொல்லி முடித்ததும், "நாளைக்கு என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்கக்கா" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போனது அப்போது தெரியும்.

எப்படிச் சரிபார்ப்பது?

பின்னாலேயே நின்றால் அது ஒப்படைப்பு ஆகாது. முதல் சுற்றில் காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போங்கள். இரண்டாவது சுற்றில் சாயங்காலம் மட்டும். பிறகு கீழே உள்ள மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது எடை. தோட்டத்தில் 90 கிலோ போட்டு, ஃபேக்டரி சீட்டில் 87 வந்தால் அந்த மூன்று கிலோவை எழுதி வையுங்கள். ஈர இலைக்குக் கழிவு கூடும். வெயில் நாளிலும் வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் தராசையும் வண்டியையும் பாருங்கள். அக்கா மேல் உடனே சந்தேகப்பட வேண்டாம்.

இரண்டாவது இலை. மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் கைவிட்டு எடுத்து, சமையலறைத் தராசில் 200 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். இளசு ஒரு பக்கம், முற்றல் ஒரு பக்கம் பிரியுங்கள். இளசு 150 கிராம் இருந்தால் முக்கால் பங்கு. அடுத்த சுற்றில் 120-க்கு இறங்கி, எடை மட்டும் 90-லிருந்து 105-க்கு ஏறியிருந்தால், கிலோ கூலிக்காக முற்றலையும் சேர்த்து உருவுகிறார்கள் என்று அர்த்தம். சுற்று தள்ளிப்போயிருந்தாலும் இதே கணக்குதான் வரும், அதனால் தேதியையும் பாருங்கள்.

மூன்றாவது செடி. பறித்து முடித்த வரிசையில் நடந்து, விட்டுப்போன கொழுந்தைத் தேடுங்கள். இன்று விட்டது அடுத்த சுற்றில் முற்றலாகத்தான் வரும். சீட்டில் இது தெரியவே தெரியாது.

குறை கண்டால் பறிப்பவர்களிடம் நேராகப் பேசாதீர்கள், அக்காவிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் உங்களிடம் "நாளைக்கு எந்தத் துண்டு?" என்று கேட்டால்கூட, பதில் தெரிந்தாலும், "அக்காவைக் கேளுங்க" என்று அனுப்பிவிடுங்கள். இரண்டு தடவை நீங்கள் பதில் சொன்னால் மூன்றாம் தடவை யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள்.

நாலைந்து சுற்று இளசு பங்கு ஒரே மாதிரி நின்றால், ஆள் கூப்பிடுவதையும் வண்டிக்குச் சொல்வதையும் அவரிடம் சேர்த்துக் கொடுக்கலாம். கவாத்துக்கு ஆள் வரும்போது அவரையும் கூட நிற்க வையுங்கள். அதை ஒப்படைக்கும் பேச்சு அதற்கு அப்புறம்தான்.