காங்கிரஸ் வளர்ந்தது 49 சதவீதமா, 2 புள்ளியா?

2025 டெல்லி சட்டமன்றத் தேர்தலில் கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதத்தை 2020-உடன் ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆம் ஆத்மி 53.57 சதவீதத்திலிருந்து 43.57-க்கு இறங்கியது. பாஜக 38.51-லிருந்து 45.56-க்கு ஏறியது. காங்கிரஸ் 4.26-லிருந்து 6.34-க்கு வந்தது.

மாற்றத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒரு விகிதத்திலிருந்து இன்னொன்றை நேரடியாகக் கழித்தால் கிடைப்பது சதவீதப் புள்ளி. அப்படிப் பார்த்தால் ஆம் ஆத்மி இழந்தது 10 புள்ளி, பாஜக பெற்றது 7.05, காங்கிரஸ் பெற்றது 2.08. கழித்து வந்ததைப் பழைய விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது சதவீத மாற்றம். அந்தக் கணக்கில் ஆம் ஆத்மி 18.7% சரிவு, பாஜக 18.3% உயர்வு, காங்கிரஸ் 48.8% உயர்வு.

இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் இரண்டாவதை வைத்து பட்டை வரைபடம் போட்டுப் பாருங்கள். ஓர் இடம்கூட ஜெயிக்காத காங்கிரஸின் பட்டை, 48 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்த பாஜகவின் பட்டையைவிட இரண்டரை மடங்கு உயரமாக நிற்கும். ஆம் ஆத்மி இழந்ததும் பாஜக பெற்றதும் ஏறக்குறைய சமம் என்பது போலவும் தெரியும். உண்மையில் இரண்டுக்கும் நடுவே 3 புள்ளி வித்தியாசம் இருக்கிறது. காரணம், ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு எண்ணால் வகுக்கப்பட்டது. 4.26 என்ற சின்ன அடித்தளத்தில் கொஞ்சம் கூடினாலும் சதவீதம் பெரிதாகிவிடும். மொத்தம் நூறாக வரும் பங்குகளை ஒப்பிடும்போது புள்ளிக் கணக்கையே போட வேண்டும் என்பது என் கருத்து. சதவீத மாற்றம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கட்டுரைக்குள், பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்திலேயே வைத்துச் சொல்லுங்கள்.

பலர் வேண்டுமென்றே இந்தத் தவறைச் செய்வதில்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலுமே சதவீத வடிவில் உள்ள இரண்டு கட்டங்களைக் கழித்தால் விடையும் தானாகவே சதவீதக் குறியோடு வரும். ஆம் ஆத்மி வரிசையில் -10.00% என்று திரையில் நிற்கும். அது புள்ளிக் கணக்கு; குறிதான் தப்பு. அதை அப்படியே வரைபடத்துக்குக் கொண்டுபோனால், வாசகர் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று படிப்பார். நிஜத்தில் கட்சி தன் பழைய விகிதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. B-யில் 2020, C-யில் 2025 இருந்தால், இரண்டையும் தனித் தனிப் பத்தியில் இப்படிக் கணக்கிடலாம்:

```
=(C2-B2)*100
=C2/B2-1
```

முதல் பத்தியைச் சாதாரண எண் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். அப்போதுதான் -10 என்று வரும், குறி ஒட்டாது. கட்டத்தில் 43.57 என்று வெறும் எண்ணாகவே இருந்தால் நூறால் பெருக்க வேண்டாம்.

அப்புறம் எழுத்து. ‘மாற்றம் (%)’ என்று அச்சுக்குப் பெயர் வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. இரண்டு கணக்குக்கும் அது பொருந்திவிடுவதால் எது என்று யாருக்கும் தெரியாது. ‘வாக்கு விகித மாற்றம், 2020–2025, சதவீதப் புள்ளிகளில்’ என்று முழுதாக எழுதுங்கள். இடம் போதாதென்றால் அச்சில் சுருக்கி, துணைத் தலைப்பில் விரிக்கலாம். பட்டை முனையில் வெறும் ‘+2.08’ என்றிருக்கட்டும், அங்கே % குறி வேண்டாம். இதைவிட நல்ல வழி, மாற்றத்தை மட்டும் வரையாமல், ஒவ்வொரு கட்சிக்கும் 2020-க்கு ஒரு புள்ளி, 2025-க்கு ஒரு புள்ளி வைத்து நடுவில் கோடு இழுப்பது. 4.26-உம் 6.34-உம் கண்ணெதிரே இருக்கும்போது 49% என்ற எண் யாரையும் ஏமாற்றாது.

தலைப்பையும் கவனிக்க வேண்டும். ‘காங்கிரஸ் வாக்குகள் 49% உயர்வு’ என்று எழுதினால் அதுவும் தவறு. உயர்ந்தது பதிவான வாக்குகளில் கட்சியின் பங்கு. வாக்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பது தனிக் கணக்கு, இரண்டு தேர்தலிலும் பதிவான மொத்த வாக்கு ஒன்றல்ல. ‘காங்கிரஸ் வாக்கு விகிதம் 4.26-லிருந்து 6.34 சதவீதமானது’ என்றால் போதும்.

இன்னொரு குறிப்பு வரைபடத்தின் அடியில் வேண்டும். 2020-இல் காங்கிரஸ் 66 தொகுதிகளில் மட்டும் நின்றது, 4 தொகுதிகளைக் கூட்டணிக் கட்சிக்கு விட்டது. 2025-இல் 70-இலும் நின்றது. அந்த 2.08 புள்ளியில் ஒரு பகுதி, புதிதாக நின்ற நான்கு இடங்களிலிருந்தே வந்திருக்கலாம்.