காவலாளி ஏன் சுடவில்லை: ஸ்டேட் மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையார் சோதனைச்சாவடியைக் களமாகக் கொண்டு, மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். காவலாளியை எந்நேரமும் ஏதாவது ஒரே நிலையில் வைத்து இயக்குவதுதான் ஸ்டேட் மெஷின்; அவருக்கு ரோந்து, துரத்தல், தாக்குதல், இறப்பு என நான்கு நிலைகள் போதும். தவறு பெரும்பாலும் நிலைகளில் இருப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில்தான் இருக்கிறது.

ஆட்டக்காரர் 200 பிக்சலுக்குள் வந்தால் தாக்குதல், அதைத் தாண்டினால் துரத்தல் என்று ஒரே எல்லையை இரு திசைக்கும் வைப்பதே முதல் தவறு. தாக்குதலில் நுழைந்ததும் காவலாளி நின்று 0.4 விநாடி குறிபார்த்துவிட்டுச் சுடவேண்டும் என்று கொள்வோம். ஆட்டக்காரர் பின்வாங்கிக்கொண்டே இருந்தால், தூரம் 199, 201 என்று ஊசலாட, நிலையும் சில ஃபிரேம்களுக்கு ஒருமுறை மாறுகிறது; ஒவ்வொரு நுழைவிலும் டைமர் மறுபடி 0.4-இலிருந்து தொடங்குவதால் குண்டு வெளிவருவதே இல்லை. பார்ப்பவர்கள் இதைக் காவலாளியின் மந்தபுத்தி என்று நினைப்பார்கள். நிலை மாறும்போதெல்லாம் ஃபிரேம் எண்ணுடன் ஒரு வரி அச்சிட்டுப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் பத்துப் பதினைந்து வரிகள் கொட்டினால் நோய் இதுதான்.

நுழைவதற்கு ஓர் எல்லையும் வெளியேறுவதற்கு அதைவிடப் பெரிய எல்லையும் வைக்க வேண்டும். இடைவெளியை மனம்போனபடி வைக்காமல் கணக்கிடுவது நல்லது. ஆட்டக்காரரின் வேகம் விநாடிக்கு 150 பிக்சல் என்றால், 0.4 விநாடியில் அவர் 60 பிக்சல் ஓடுவார். ஆகவே 200-இல் நுழைந்து 270-இல் வெளியேறினால், அவர் உடனே திரும்பி ஓடினாலும் ஒரு குண்டாவது பாயும். விரைவோட்டம் உண்டென்றால் அந்த வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எந்த நிலையிலும் குறைந்தது ஒரு விநாடி இரு' என்ற குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டக்காரர் சுவருக்குப் பின்னால் போன பிறகும் காவலாளி சுவரையே சுட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த தவறு, கோப்பின் பல இடங்களிலிருந்து `state` மாறிக்கு நேரடியாக மதிப்பு இடுவது. வெளியேறும்போது நிறுத்த வேண்டிய சைரன் நிற்காமல் ஒலிப்பதும், செத்த காவலாளி எழுந்து துரத்துவதும் இதனால்தான்: குண்டு பட்டு `DEAD` ஆனபின், பார்வைப் பகுதியின் சிக்னலோ பழைய டைமரோ வந்து `CHASE` என்று எழுதிவிடுகிறது. கோடோ என்ற கேம் எஞ்சினில் எழுதுவதானால், எல்லா மாற்றமும் ஒரே வாசல் வழியாகப் போகட்டும்:

```gdscript
func change_state(next):
    if state == State.DEAD or next == state:
        return
    exit_state(state)
    state = next
    enter_state(state)
```

இதை அழைத்த இடத்தில் உடனே `return` செய்யாவிட்டால், பழைய நிலைக்குரிய மீதி வரிகள் அதே ஃபிரேமில் ஓடி, துரத்தலின் வேகத்தைத் தாக்குதலுக்குள் கொண்டுவந்துவிடும். செத்த காவலாளியையே மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால், இந்த வாசல் அவரை உள்ளே விடாது. தொடக்க நிலைக்குக் கொண்டுவரத் தனி ஃபங்ஷன் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.