அம்மாவின் பென்ஷன் கார்டும் பாஸ்புக்கும் உறவினர் கையில்: எதை முதலில் செய்வது

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது, அதனால் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கணக்கு, கார்டு, ஓடிபி எல்லாம் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. கார்டை உறவினர் வைத்திருப்பது மட்டுமே தப்பு இல்லை. முட்டி வலியோடு வரிசையில் நிற்க முடியாத அம்மாவுக்கு யாராவது பணம் எடுத்துத் தரத்தான் வேண்டும். இந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியுமா? பாஸ்புக்கைக் கேட்டால் அன்றே கைக்கு வருமா? "இந்த மாசம் வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

1. அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள்

அந்த உறவினர் பக்கத்து அறையில் இருந்தால்கூட வேண்டாம். "உன்னை ஏமாத்துறாங்க" என்று ஆரம்பித்தால் அம்மா அவருக்காகத்தான் பேசுவார், ஏனென்றால் நாளைக்குச் சாப்பாடு போடுவது அவர். "மருந்து வாங்க யாரிடம் கேட்கிறீங்க, கேட்டதும் கிடைக்குதா?" என்பது மாதிரிக் கேளுங்கள். மருந்தைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது, கண்ணாடி மாற்றுவதைத் தள்ளிப்போடுவது, தன் பணத்தைக் கேட்கவே தயங்குவது, வங்கி என்றதும் பேச்சை மாற்றுவது, இதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அம்மா தெளிவான மனதோடு, தொகை தெரிந்து, பயமில்லாமல் "நான்தான் கொடுக்கிறேன்" என்றால் அது அவர் பணம், அவர் முடிவு. அதில் நாம் தலையிட முடியாது.

2. பாஸ்புக்கைக் கேட்காதீர்கள், ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்

பாஸ்புக்கைத் திருப்பிக் கேட்ட நிமிடத்தில் எதிராளி உஷாராகிவிடுவார். கணக்குக்காரர் நேரில் போய், தன் அடையாள அட்டையைக் காட்டி எழுதிக் கொடுத்தால் கடைசி ஒரு வருடத்துக்கான ஸ்டேட்மென்ட் கிளையில் கிடைக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கூடப் போங்கள், ஆனால் கேட்பது அம்மாவாக இருக்கட்டும். அவரால் வர முடியாவிட்டால் வீட்டுக்கு வந்து கையெழுத்தோ கைரேகையோ வாங்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

3. ஸ்டேட்மென்டைப் படிப்பது

எங்களுக்கு வந்த தாளில் இருந்ததை, தொகையை மட்டும் முழு எண்களாக்கித் தருகிறேன். மாதத் தொடக்கத்தில் பென்ஷன் 20,000 வரவு. அன்றே 3,200 தானாகக் கழிவு. மறுநாள் ஏடிஎம்மில் 16,000. மீதி 800. அடுத்த மாதமும் இதேதான், அதற்கடுத்த மாதமும் இதேதான்.

ஏடிஎம்மில் மட்டும் மூன்று மாதத்துக்கு 48,000 போயிருக்கிறது. அம்மாவின் மருந்து மாதம் 2,500, வீட்டுச் செலவுக்கு அவர் பங்கென்று சொல்லப்பட்டது 7,000. மூன்று மாதத்துக்கு 28,500. மீதி 19,500-க்குக் கணக்கே இல்லை. இந்தக் கழித்தலைத் தாளில் எழுதுங்கள். பின்னால் வங்கியிலோ காவல் நிலையத்திலோ சட்ட உதவி மையத்திலோ பேச வேண்டி வந்தால், நம் கோபத்தை விட இந்த ஒரு தாள் வேலை செய்யும்.

அந்த 3,200-ஐத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை கழிந்தால் பெரும்பாலும் அது கடன் தவணை. பென்ஷனைக் காட்டி அம்மா பெயரில் கடன் எடுக்கப்பட்டிருந்தது, அம்மாவோ உயிர்ச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்தால் கடன் விண்ணப்பத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

ஏடிஎம் இருக்கும் இடம், எடுத்த நேரம் இரண்டையும் பாருங்கள். அம்மா போகவே போகாத ஊர்ப்பக்கம், ராத்திரி நேரம், பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர் கணக்கிலிருந்து ஆப் வழியாகப் பணம், தவணைக்காலம் முடியுமுன் உடைத்த வைப்புத்தொகை. இதில் எது இருந்தாலும் வட்டம் போட்டு வையுங்கள்.

4. மொபைல் எண் முதலில், கார்டு பிறகு

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருந்த இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கார்டை பிளாக் செய்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கில் பதிவான எண் உறவினருடையதாக இருந்தால் கார்டு பிளாக் ஆன செய்தி அவர் போனுக்குத்தான் போகும், புது கார்டுக்கு ரகசிய எண் வைக்க வரும் ஓடிபியும் அவருக்கே போகும். கார்டு இல்லாமலே ஆப் வழியாகவும் அவரால் பணம் அனுப்ப முடியும்.

அதனால் பென்ஷன் விழுவதற்குச் சில நாள் முன்பு அம்மாவோடு கிளைக்குப் போய், முதலில் அம்மாவின் சொந்த எண்ணைப் பதியச் சொல்லுங்கள். அது மாறிவிட்டதற்கான செய்தி அம்மா போனில் வந்த பிறகு ஆப், நெட் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கார்டு பிளாக், மீதமிருக்கும் காசோலைகளை நிறுத்துவது, கடைசியில் நகல் பாஸ்புக். எண் மாற அதிக நேரமாகும் என்றால், புது எண் ஏறும்வரை கணக்கிலிருந்து பணம் போவதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். புது கார்டு தபாலில் வந்தால் பழைய முகவரிக்கே போகலாம், கிளையிலேயே வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள்.

அம்மா அதே உறவினர் வீட்டில் இருக்கிறார், அடி திட்டு பயம் இருக்கிறது என்றால் இந்தப் படியைத் தொடவே வேண்டாம். முதலில் அவர் தங்க வேறு இடம், பிறகு வங்கி.

5. இனிமேல் எப்படி

கார்டை அவரிடமிருந்து வாங்கி நீங்கள் வைத்துக்கொண்டால் பிரச்சினை அப்படியேதான் இருக்கும், ஆள் மட்டும்தான் மாறியிருக்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இரண்டு கணக்கு. பென்ஷன் விழும் கணக்குக்கு கார்டே வேண்டாம். அதிலிருந்து மாதம் 10,000 மட்டும் தானாக இரண்டாவது கணக்குக்குப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். உதவி செய்பவர் தொடுவது அந்தச் சின்னக் கணக்கை மட்டும், அதில் என்ன நடந்தாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும். செலவை எழுதி வைக்க ஆப் எதுவும் வேண்டாம், அம்மா தானே படிக்கக்கூடிய ஒரு நோட்டும் ரசீதுகளும் போதும்.

கூட்டுக் கணக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாமினி போடுவதில் பயமில்லை, அம்மா உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தப் பணத்தைத் தொட உரிமை கிடையாது.

பின்சேர்க்கை: கருத்துகளில் இரண்டு பேர் கேட்டது. உறவினர் ஏற்கெனவே கூட்டுக் கணக்கில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் இருந்தால் கார்டை பிளாக் செய்து பலனில்லை, அவர் கிளையிலேயே எடுத்துக்கொள்வார். அம்மா பெயரில் மட்டும் புதுக் கணக்கு தொடங்கி, பென்ஷன் வழங்கும் அலுவலகத்தில் கணக்கு எண்ணை மாற்றக் கொடுங்கள். முதல் வரவு புதுக் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகே பழையதை மூடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதப் பென்ஷன் நடுவில் நிற்கும்.

இன்னொன்று: அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது என்றால் மேலே சொன்னது எதுவும் நடக்காது, அவர் கையெழுத்தே செல்லாமல் போகலாம், மகன் மகள் சொல்வதை மட்டும் வைத்து வங்கியும் எதையும் மாற்றாது. மருத்துவரின் சான்றோடு வழக்கறிஞரைப் பாருங்கள், நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். நோய் ஆரம்ப நிலையில், அம்மாவுக்கு இன்னும் தெளிவு இருக்கிறது என்றால் இந்த மாதமே நான்காவது படியை முடித்துவிடுங்கள்.