பச்சை டிக் விழுந்தால் பணம் விழுந்ததாகிவிடுமா?

சாயங்காலம் ஏழு மணி, கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். அரிசி மூட்டை, எண்ணெய், பருப்பு என்று 1,840 ரூபாய் பில். ஸ்கேன் செய்தவர் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார். பச்சை டிக், என் கடைப் பெயர், தொகை, கீழே 12 இலக்க எண். "போயிடுச்சுண்ணே." சவுண்ட் பாக்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. "நெட் ஸ்லோண்ணே, அப்புறமா சொல்லும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டேன். ராத்திரி கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த 1,840 வரவே இல்லை.

நான் ஏமாந்தது கடைப் பெயரைப் பார்த்துத்தான். நம் க்யூஆர் அட்டைக்குள்ளேயே பெயரும் யூபிஐ முகவரியும் இருக்கின்றன. எந்தச் செயலியில் ஸ்கேன் செய்தாலும் பெயர் வந்துவிடும். பணம் அனுப்பும் செயலியைப் போலவே தோற்றமளிக்கும் போலிச் செயலிகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, தொகையைப் போட்டு, டிக் சத்தத்தையும் எழுப்பிவிடும். 12 இலக்க எண் என்று எதை வேண்டுமானாலும் அச்சிடலாம். அந்த எண் நம் வங்கிக் கணக்கிலும் வந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இதில் பெரிய தவறு, பெட்டி பேசாததற்கு நாமே காரணம் கண்டுபிடிப்பது. பெட்டியில் சார்ஜ் தீரும், உள்ளே இருக்கும் சிம்முக்குச் சிக்னல் கிடைக்காமல் போகும், உண்மைதான். ஆனால் அப்படி ஆனால் பார்க்க வேண்டியது நம் செயலியின் வரவுப் பட்டியலை, வாடிக்கையாளரின் திரையை அல்ல. நம் செயலி இருக்கும் போன் முதலாளியின் சட்டைப்பையில் வெளியூரில் இருக்க, கல்லாவில் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் என்ன செய்வான்? பல வணிகச் செயலிகளில் வேலையாட்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. வரவை மட்டும் அவன் போனில் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம்.

பெட்டி பேசினாலும் தொகையைக் காது கொடுத்துக் கேளுங்கள். 20 ரூபாய் அனுப்பிவிட்டு 2,000 என்று திரையைக் காட்டுகிறவர்களும் உண்டு. கூட்டத்தில் பெட்டி ஏதோ சொன்னது போதும் என்று இருந்துவிடுகிறோம்.

நேர்மையான வாடிக்கையாளரின் பணமும் சில நேரம் நடுவில் சிக்கும். அவரைத் திருடன் போல் பார்க்க வேண்டாம். "இன்னும் வரலீங்க, இப்போ ரொக்கமா குடுத்துட்டுப் போங்க. சிக்கின பணம் உங்க கணக்குக்கே திரும்பிடும்" என்று சொல்லலாம். 2019-இல் ரிசர்வ் வங்கி வைத்த விதிப்படி, தனிநபர் கணக்குக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள்ளும், வணிகக் கணக்கு என்றால் ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வேண்டும்.

அடுத்த வகை போனில் வரும். "ஐம்பது கிலோ சர்க்கரை வேணும், அட்வான்ஸ் 5,000 அனுப்புறேன். ஒரு ரெக்வெஸ்ட் வரும், அதை ஓகே பண்ணி பின் போடுங்க." இங்கேதான் கை தவறுகிறது. பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்கும் திரையில் பின்னைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகும். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் க்யூஆரை ஸ்கேன் செய்தாலும் இதே கதைதான்.

தனிநபர் தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல், யூபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ நிறுத்திவிட்டது. வணிகக் கணக்கிலிருந்து வரும் கோரிக்கையை அப்போது நிறுத்தவில்லை, மாதாமாதம் பிடிக்கும் ஆட்டோபே அனுமதியும் இருக்கிறது. அதனால் அசந்துவிடாதீர்கள். எதிர்பாராமல் வந்ததை மறுத்துவிட்டால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"500-க்குப் பதிலா 5,000 அனுப்பிட்டேன், மீதியத் திருப்பி அனுப்புங்க" என்று அழாத குறையாக அழைப்பு வந்தால், கூடவே வந்த குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். வங்கியின் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கே வரவு இல்லை என்றால் திருப்ப எதுவும் இல்லை.

ஏமாந்துவிட்டால் இரண்டு வகைக்கும் வழி வேறு. பின் போட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். மோசடிக்காரர் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போனால் அதை அவர் கணக்கிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். போலித் திரையில் போனது சரக்கு. முடக்குவதற்கு எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. அதற்கு உள்ளூர்க் காவல் நிலையம்தான். கேமரா பதிவையும் பில் போட்ட நேரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். என் கடைக் கேமரா அன்று வண்டி எண்ணைக் காட்டவில்லை. இப்போது அதை வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.