3,000 பெட்டி எடுத்தால்தான் தள்ளுபடி என்பவரிடம் 1,000-க்கே விலையைக் குறைக்கப் பேசுவது எப்படி?

முறுக்கு, பொடி, ஊறுகாய் என்று சிறிய அளவில் தயாரித்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் அட்டைப்பெட்டி வாங்கப் போனால் பெரும்பாலும் கேட்கும் பதில் இது: "ஆயிரம்னா 24 ரூபா. மூவாயிரம் எடுத்தா 20 ரூபா போட்டுத் தர்றேன்." நமக்கு மாதம் 500 பெட்டிதான் ஓடும். மூவாயிரம் என்றால் ஆறு மாதச் சரக்கு. இந்த நிலையில் போனை எடுத்து என்ன பேசுவது, எந்த வரிசையில் பேசுவது என்பதுதான் இங்கே. விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி 14×10×8 அங்குலம், 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை, வெற்றுப்பெட்டி எடை சுமார் 400 கிராம்.

படி 1: பேசுவதற்கு முன் உங்கள் எல்லை விலையைக் கண்டுபிடியுங்கள்

3,000 பெட்டிக்கு தலா 4 ரூபாய் மிச்சம் என்றால் 12,000 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் கடன் வாங்கியாவது எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதில் மூன்று கழிவுகள் உண்டு.

முதலாவது முடங்கும் பணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,000 பெட்டி வாங்கினால் சராசரியாக 500 பெட்டி, அதாவது 12,000 ரூபாய், சரக்காகக் கிடக்கும். 3,000-ஐ ஒரேயடியாக எடுத்தால் சராசரி 1,500 பெட்டி, 30,000 ரூபாய். கூடுதலாக முடங்குவது 18,000. ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 1,620 ரூபாய்.

இரண்டாவது இடம். 5 பிளை பெட்டியை மடித்து அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனம் இருக்கும். ஆறடி உயரத்துக்கு அடுக்கினாலும் 3,000 பெட்டிக்கு 70 சதுர அடி போய்விடும். கூடுதல் இடத்துக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 3,600.

மூன்றாவது ஈரம். அட்டை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுக்கத் தரையோரம் கிடந்த பெட்டி, மேலே சுமை ஏற்றியதும் வயிறு பிதுங்கி உட்காரும். கூடுதலாக நூற்றுக்கு ஐந்து கழிந்தால் 150 பெட்டி, 3,000 ரூபாய்.

12,000-இல் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 3,780 ரூபாய். பெட்டிக்கு 1 ரூபாய் 26 பைசாதான். ஆகவே 1,000 பெட்டி வீதம் 22 ரூபாய் 74 பைசாவுக்குக் கீழே எந்த விலை கிடைத்தாலும், அது அவருடைய 20 ரூபாய் சலுகையைவிட உங்களுக்கு லாபம். இதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டால்தான் பேச்சில் தடுமாற்றம் வராது. நாம் கேட்கப்போவது 21.50. இறங்கி ஒப்புக்கொள்ளும் கடைசி விலை 22.50.

படி 2: தள்ளுபடி எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்

"கொஞ்சம் குறைச்சுக்குங்கண்ணே" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு எந்த இடத்தில் செலவு மிச்சமாகிறது என்று தெரியாமல் விலை கேட்டால், அவர் ஐம்பது பைசா குறைத்துப் பேச்சை முடித்துவிடுவார். முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்:

"அண்ணே, மூவாயிரத்துக்கு நாலு ரூபா குறையுதுன்னா அது எதுல மிச்சமாகுது? மெஷின் செட்டிங்லயா, பேப்பர்லயா, வண்டி வாடகையிலயா?"

கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் சொல்லும் பதில்தான் அடுத்து நீங்கள் எதைக் கொடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

செட்டிங் என்றால்: ஒவ்வொரு அளவுக்கும் மெஷினை மாற்றிப் பூட்ட வேண்டும், ஸ்டீரியோ என்னும் அச்சுக் கட்டையை ஏற்ற வேண்டும், முதலில் ஓடும் சில தாள்கள் வீணாகும். ஆயிரம் ஓட்டினாலும் மூவாயிரம் ஓட்டினாலும் அந்த வேலை ஒன்றுதான். இதற்கு மருந்து, மொத்தத்தையும் ஒரே தடவை ஓட்டச் சொல்லி மூன்று தவணையாக எடுத்துக்கொள்வது.

பேப்பர் என்றால்: உங்கள் பெட்டிக்காகத் தனியாக ரீல் வாங்கி, மிச்சத்தை வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு, அதே பேப்பரில் வேறு ஆர்டர் ஓடும்வரை பத்துப் பதினைந்து நாள் பொறுக்கிறேன் என்று சொல்லலாம். உங்களுக்கு அவசரம் இல்லாதபோது இதைப்போல மலிவான விட்டுக்கொடுப்பு வேறு கிடையாது.

வண்டி என்றால் மிக எளிது. உங்கள் பகுதிக்கு வேறு லோடு வரும் நாளில் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போய் ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: பேச்சு

பெட்டித் தொழிலில் பெரும்பாலான பதில் செட்டிங்தான் என்பதால் அந்த வழியையே முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

நீங்கள்: "சரிண்ணே, செட்டிங்தான் பிரச்சினைன்னா மூவாயிரத்துக்கும் இப்பவே ஆர்டர் தர்றேன். ஒரே தடவை ஓட்டிருங்க. ஆனா ஆயிரம் ஆயிரமா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கிறேன். 20 ரூபா போடுங்க."

அவர்: "ஏம்மா, மிச்சம் ரெண்டாயிரம் என் குடோன்லல்ல கிடக்கும்? என் பணமும்ல முடங்கும்?"

இது நியாயமான மறுப்பு. மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் தோளிலிருந்து சுமையை அவர் தோளுக்கு மாற்றுகிறீர்கள், அதற்குக் கூலி உண்டு.

நீங்கள்: "வாஸ்தவம்ணே. அதனால 20-லயே நிக்கல. 21.50 போடுங்க. ஆர்டரோட பத்தாயிரம் அட்வான்ஸ் தர்றேன், அதைக் கடைசி லோடுல கழிச்சுக்குங்க. ஒவ்வொரு லோடும் இறக்கின அன்னைக்கே பணம்."

அவர்: "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் எடுக்கவே மாட்டாங்க."

நீங்கள்: "அதுக்குத்தான் அட்வான்ஸ் கடைசி லோடு வரைக்கும் உங்ககிட்டயே இருக்கு. நாலாம் மாசக் கடைசிக்குள்ள மூணாவது லோடை எடுக்கலைன்னா, எடுக்காத பெட்டிக்கு நீங்க பட்ட நஷ்டத்தை அதுல பிடிச்சுக்குங்க. தேதியைப் போட்டே எழுதித் தர்றேன்."

அந்தப் பத்தாயிரம் நான்கு மாதம் அவரிடம் இருப்பதால் உங்களுக்கு ஆகும் வட்டி 600 ரூபாய், பெட்டிக்கு 20 பைசா. ஆனால் அவருக்கு அதன் மதிப்பு அதைவிட அதிகம். சிறு பெட்டித் தயாரிப்பாளர்கள் பேப்பருக்கு முன்பணம் போட்டுவிட்டு, வாங்கியவர்களிடம் பணத்துக்கு அலைவது வழக்கம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்றிருக்கிறது. இருந்தும் தவணை இழுத்துக்கொண்டே போகும் வாடிக்கையாளர்கள் நிறைய. இறக்கிய அன்றே பணம் என்பது உங்கள் கையிலிருக்கும் பெரிய சீட்டு. அதை முதல் வாக்கியத்திலேயே வீசிவிடாமல், அவர் மறுத்தபிறகு எடுங்கள்.

அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டே தீருவார்: "நடுவுல பேப்பர் விலை ஏறுனா?" மொத்தத்தையும் ஒரே தடவை ஓட்டிவிட்டால் பேப்பர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, விலை ஏற வேண்டிய காரணமே இல்லை. இதை மென்மையாக நினைவுபடுத்துங்கள். லோடுக்கு லோடு தனித்தனியாக ஓட்டுவதாக இருந்தால்தான் அந்தப் பேச்சு. அப்போது வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: "கிராஃப்ட் பேப்பர் கிலோவுக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல ஏறுனா, மேல ஏறுன ஒவ்வொரு ரூபாய்க்கும் பெட்டிக்கு 42 பைசா சேர்த்துக்குங்க. இறங்குனா அதே கணக்குல குறைங்க." 400 கிராம் பெட்டிக்குக் கழிவும் சேர்த்து ஏறத்தாழ 420 கிராம் பேப்பர் போகும். 42 பைசா வருவது அதனால்தான். இந்தக் கணக்கைச் சொன்னதும் பேச்சின் தொனியே மாறும்.

22.50-க்கும் இறங்கவில்லை என்றால், "சரிண்ணே, இந்தத் தடவை ஆயிரத்தை 24-க்கே போடுங்க. அடுத்த ஆறு மாசத்துல மொத்தம் மூவாயிரம் தொட்டா, கடைசி பில்லுல பெட்டிக்கு ரெண்டு ரூபா கழிச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். முன்கூட்டி அவர் எதையும் இழக்காததால் இதற்கு ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபம். அதுவும் நடக்காவிட்டால் 24 ரூபாயில் வாங்கிக்கொண்டு, அதே கணக்கோடு அடுத்த தயாரிப்பாளரிடம் போங்கள்.

படி 4: அன்றே எழுதி அனுப்புங்கள்

போனில் பேசியதை அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" வாங்குங்கள்.

"அண்ணே, இன்று பேசியபடி: 14×10×8 அங்குலம், 5 பிளை, எல்லா அடுக்கும் 120 ஜிஎஸ்எம், பெட்டி எடை 400 கிராம், 5% கூட குறைய இருக்கலாம். மொத்தம் 3,000. விலை 21.50, ஜிஎஸ்டி தனி, இறக்குகூலியும் வண்டியும் உங்களுடையது. 1,000 உடனே, 1,000 இரண்டாம் மாத இறுதி, 1,000 நான்காம் மாத இறுதி. அட்வான்ஸ் 10,000 கடைசி லோடில் கழியும். ஸ்டீரியோவுக்கு நாங்கள் பணம் கொடுத்திருப்பதால் அது எங்களுடையது."

ஜிஎஸ்டியும் வண்டி வாடகையும் யாருடையது என்று எழுதாவிட்டால் குறைத்த இரண்டரை ரூபாய் அந்த வழியே திரும்பிப் போய்விடும். ஸ்டீரியோ வரி எதற்கென்றால், பின்னால் வேறு இடத்தில் பெட்டி போட வேண்டி வந்தால் அச்சுக் கட்டையை வாங்கிக்கொண்டு போவதற்கு.

படி 5: எடை போடுங்கள்

விலை குறைத்த ஆர்டரில் அதிகம் நடக்கும் கோளாறு, பேப்பர் மெலிவது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பரின் கிராம் எடை. 120 ஜிஎஸ்எம் என்று பேசிவிட்டு எல்லா அடுக்கிலும் 100 போட்டால் பெட்டி 335 கிராம் பக்கம் இறங்கிவிடும், தூக்கினாலே தெரியும். உள்ளே இருக்கும் இரண்டு அலை அடுக்கை மட்டும் 100 ஆக்கினால் 365 கிராம் பக்கம் நிற்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாது, தராசுக்குத் தெரியும். வெவ்வேறு கட்டிலிருந்து பத்துப் பெட்டி எடுத்து ஒன்றாக நிறுங்கள். 4 கிலோ வர வேண்டும். 3.8 கிலோவுக்குக் கீழே வந்தால் பணம் கொடுக்கும் முன் படம் எடுத்து அனுப்பிப் பேசுங்கள். சரக்கு ஈரமாக இருந்தால் எடை கூடித் தெரியும் என்பதால், மழை நாளில் வந்த லோடை ஒரு நாள் காயவிட்டு இன்னொரு தடவை நிறுப்பது நல்லது. அதற்கு ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் லோடு சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தடவை ஓட்டியிருந்தால் காய்ந்த நிலையில் மூன்று லோடும் ஏறத்தாழ ஒரே எடையில் வரும். எடை பெரிதாக மாறியிருந்தால் அவர் தனித்தனியாக ஓட்டுகிறார் என்று சந்தேகிக்கலாம். கேட்டு உறுதியானால், செட்டிங் செலவைக் காட்டிப் பேசிய விலையை மறுபடி திறக்கலாம்.